அறுநூறு பேர் பந்திக்கு ஒப்புக்கொண்ட கதை

(சங்கத்தின் இளைஞர் வணிகப் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் ஒருவர்தான் நிற்கிறோம். ஆனால் இந்தப் பேச்சு நான்கு பேருடையது. அண்ணன் தம்பி நாங்கள் இருவர், எங்கள் வீட்டுப் பெண்கள் இருவர், நால்வரும் சேர்ந்துதான் ஜார்ஜ் டவுனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையும், அதோடு விருந்துச் சமையலும் நடத்தி வருகிறோம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த வேலையைவிடக் கொஞ்சம் பெரிய வேலை வந்தால் எப்படி ஏற்பது என்று பேசச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பொதுவாகப் பேச எங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்தை மட்டும் சொல்கிறோம்.

அதுவரை நாங்கள் செய்த பெரிய விருந்து 250 பேருக்கு. ஒருநாள் மாலை, கடைக்கு வழக்கமாக வரும் ஒரு ஹாஜி மாமு தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "மகளுக்குக் கல்யாணம், மூன்று மாதம் இருக்கிறது, 600 பேர், பிரியாணி, உங்கள் கைதான் வேண்டும்" என்றார். நம்மூரில் இதற்கு ஒரே பதில்தான் பழக்கம். "போலே, மாமு, போலே!" கேட்டவர் வாயை மூடும் முன் "போலே" வந்துவிடும். எங்களில் ஒருவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. மற்றவர் காலை மிதித்தார். "இரண்டு நாள் தாருங்கள் மாமு" என்று சொல்லி அனுப்பினோம்.

அன்றிரவு கடையைச் சாத்திய பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, அந்தக் கல்யாண நாளை மணிக்கணக்காக எழுதினோம். இறைச்சி வாங்குவதில் தொடங்கி, கடைசிப் பாத்திரத்தைக் கழுவி வண்டியில் ஏற்றுவதுவரை. ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும், இதை இந்த அளவில் முன்பே செய்திருக்கிறோமா என்று கேட்டு, செய்யாததற்கு ஒரு புள்ளி வைத்தோம். மசாலா அரைப்பதில் புள்ளி இல்லை. கறி தாளிப்பதில் இல்லை. சோறு வடிப்பதில் இல்லை. ஆனால் பிரியாணி தம் போடுவதில் ஒரு புள்ளி விழுந்தது. ஆறு அடுப்பை ஒரே நேரத்தில் எரிப்பது, சமைத்ததை மூன்று மணி நேரம் சூடாக வைத்திருப்பது, அறுநூறு தட்டுக்குப் பரிமாறுவது, வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வது, இவற்றிலெல்லாம் புள்ளி.

புள்ளிகள் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்திருந்தால் அந்த வேலையை விட்டிருப்போம். சுவையில் புள்ளி இல்லை, அளவிலும் நேரத்திலும்தான் இருந்தன. அதனால்தான் மேலே யோசிக்கவே துணிந்தோம்.

பிறகு எங்கள் வீட்டுப் பெண்களில் மூத்தவர் ஒரு கேள்வி கேட்டார். "இதில் எது தப்பினால் வெட்கம், எது தப்பினால் ஆஸ்பத்திரி?" அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது. சோறு பத்து நிமிடம் தாமதமானால் வெட்கம். தாள்ச்சா தீர்ந்துபோனால் வெட்கம். சூடு குறைந்த கறியை 600 பேர் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி. வெட்கம் தருவதை அன்றைக்கு வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியதை விருந்தாளியின் தட்டில் கற்கக் கூடாது. அதை முன்னதாகவே கற்றுவிட வேண்டும், அல்லது அந்த வேலையே இல்லாதபடி திட்டத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஹாஜி மாமு வீட்டுக்குப் போனோம். உட்கார வைத்து, உள்ளதை அப்படியே சொன்னோம். "மாமு, நாங்கள் செய்ததில் பெரியது 250 பேர். 600 இதுவரை செய்ததில்லை. பிரியாணி இந்த அளவுக்கு எங்களால் முடியாது. நெய்ச்சோறு, மட்டன் கறி, தாள்ச்சா என்றால் முயல்வோம். இன்னும் ஆறு வாரத்தில் சில சோதனைகள் செய்து பார்த்து, முடியும் அல்லது முடியாது என்று உறுதியாகச் சொல்கிறோம். அதுவரை முன்பணம் வேண்டாம். முடியாது என்றால், வேறு ஆள் பிடிக்க உங்களுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்."

மாமுவின் முகம் கொஞ்சம் சுருங்கியது, மறைக்கவில்லை. பிரியாணியை விட அவருக்கு மனமில்லை. ஏன் நெய்ச்சோறு என்று விளக்கினோம். பிரியாணியில் அரிசி, இறைச்சி, மசாலா மூன்றும் ஒரே தேக்சாவுக்குள் ஒன்றாக அடைபட்டுவிடும். தம் தவறினால் மூன்றும் போயின, மீட்க வழியில்லை. நெய்ச்சோறும் கறியும் தனித்தனி. ஒரு தேக்சா சோறு குழைந்தாலும் கறி பிழைக்கும், மற்ற தேக்சாச் சோறும் பிழைக்கும். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நெய்ச்சோறுதான் எங்கள் வாப்பா காலத்துக் கல்யாணச் சாப்பாடு" என்றார். அதுவே சம்மதம் ஆயிற்று.

இனிச் சோதனைகள். முதலாவது, தேக்சாவின் அளவு.

எங்களுக்குக் கை பழகியது பத்துக் கிலோ அரிசி பிடிக்கும் தேக்சா. ஒரு தேக்சா ஏறக்குறைய 80 பேருக்கு வரும். 600 பேருக்கு எட்டுத் தேக்சா. எட்டு எதற்கு, இருபது கிலோ தேக்சா நான்கு வாங்கினால் போதுமே என்று எங்களில் ஒருவருக்கு ஆசை. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை பகலுக்கு இரண்டு பத்துக் கிலோ சமைப்போம். ஒரு வெள்ளிக்கிழமை, வாடகைக்கு எடுத்த பெரிய தேக்சாவில் இருபதையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். தப்பினால் கைகொடுக்கப் பத்துக் கிலோவுக்கு அரிசி ஊறவைத்து, உலையும் தயாராக வைத்திருந்தோம்.

தப்பத்தான் செய்தது. அடிச்சோறு களி, மேற்சோறு விறைப்பு. காரணத்தைப் பிறகு யோசித்தோம். தண்ணீரை நாங்கள் அப்படியே இரண்டு மடங்காக்கினோம். ஆனால் பாத்திரத்தின் வாய் இரண்டு மடங்காகவில்லை, ஆகவே ஆவியாகிப் போகும் தண்ணீரும் இரண்டு மடங்காகவில்லை. மிச்சத் தண்ணீர் அடியில் நின்றது. அதற்கு மேல் இருபது கிலோ அரிசியின் பாரம் அடிச்சோற்றை நசுக்கியது. நெருப்பு அடியிலிருந்து வருகிறது, மேலே போய்ச் சேர நேரமாகிறது. பழகினவர்கள் நாற்பது கிலோவையும் உதிரியாக இறக்குவார்கள், கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தக் கை வேறு. எங்களுக்கு அதைக் கற்க ஆறு வாரம் போதாது. எனவே பெரிய தேக்சாவை விட்டு, பழகிய தேக்சாவையே எட்டு வைத்துக்கொண்டோம். நான்கு நான்காக இரண்டு ஈடு. சோற்றில் இப்போது புதிதாகக் கற்க எதுவுமில்லை.

இரண்டாவது சோதனைதான் எங்கள் கண்ணைத் திறந்தது. செலவும் அதற்கு மிகக் குறைவு, அது வெறும் தண்ணீர்.

தொண்ணூறு கிலோ இறைச்சி. முதல்நாள் இரவே கறியைச் சமைத்து மூடி வைத்து, காலையில் கொதிக்க வைத்தால் என்ன? அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அது சரியா என்று அறிய, முப்பது லிட்டர் தண்ணீரைத் தேக்சாவில் கொதிக்கவிட்டு, மூடி போட்டு, சமையற்கட்டிலேயே வைத்தோம். கம்பி குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். அதையும் முதலில் சரிபார்த்தோம். பனிக்கட்டி கரையும் தண்ணீரில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். காட்டியது.

இரவு 10 மணிக்குத் தண்ணீர் 95 டிகிரி. முறை வைத்து விழித்திருந்து பார்த்தோம். இரவு 2 மணிக்கு 60. காலை 7 மணிக்கு 41. ஒரு முழு இரவு போயும் அது ஆறவில்லை!

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். 60 டிகிரிக்கு மேல் இருக்கும் உணவில் நோய்க்கிருமி பெருகாது. 5 டிகிரிக்குக் கீழும் மிகமிக மெதுவாகத்தான் பெருகும். நடுவில் இருப்பதுதான் ஆபத்தான இடம். சமையல் கொதிக்கும்போது எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இறைச்சிக் குழம்போடு வருவது. அதன் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடு கிடக்கும். குழம்பு ஆறி 45 டிகிரியை ஒட்டி வந்தால் அது மிக வேகமாகப் பெருகும். பெரிய தேக்சா மெதுவாக ஆறுவதால், அந்தச் சூட்டில்தான் விடியும்வரை நிற்கிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று இன்னொன்று. அது விட்டுவைக்கும் ஒருவகை நஞ்சு, சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. இரண்டிலும் நாற்றம் வராது, சுவை மாறாது. மூக்கும் நாக்கும் இங்கே சாட்சி சொல்லாது, தெர்மோமீட்டர்தான் சொல்லும்.

இரவே சமைக்க வேண்டுமென்றால் விரைவாக ஆறவைக்க வேண்டும். 60லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. அதற்குக் குழம்பை இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி, பனிக்கட்டியில் வைக்க வேண்டும். தொண்ணூறு கிலோ இறைச்சிக்கு எத்தனை தட்டு, எவ்வளவு பெரிய குளிரறை! தேக்சாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினாலும் பயனில்லை. நடுக்குழம்பு ஆறாது, அந்தச் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் மற்றவையும் வெதுவெதுப்பாகும். ஆக, இந்தக் கலையைக் கற்பதைவிட, அது தேவைப்படாதபடி செய்வதே மேல் என்று முடிவெடுத்தோம். இரவில் எதுவும் சமைப்பதில்லை. அதிகாலை 5 மணிக்கு முதல் அடுப்பு.

ஆனால் அதே தண்ணீர் எங்களுக்கு ஒரு நல்ல செய்தியையும் சொன்னது. மூடிய முப்பது லிட்டர் 95லிருந்து 60க்கு வர நான்கு மணி நேரம் எடுத்தது அல்லவா? இரவில் எதிரியாக இருந்தது பகலில் நண்பன். காலை 8 மணிக்கு இறக்கிய கறி, மூடியைத் திறக்காமல் இருந்தால் நண்பகல்வரை அதன் சூட்டிலேயே நிற்கும். 11 மணிக்கு ஒருமுறை கொதிக்கவிட்டால் மீண்டும் அவ்வளவு நேரம் கிடைக்கும். சூடாக வைப்பதற்கென்று தனியாக எந்திரம் வாடகைக்கு எடுக்க நினைத்திருந்தோம். அந்தச் செலவு மிச்சம்.

மூன்றாவது சோதனை அடுப்பு. வாடகைக்கு எடுத்த ஆறு அடுப்பையும், இரண்டு 14 கிலோ சிலிண்டரில் மூன்று மூன்றாக இணைத்து, கடைக்குப் பின்னால் திறந்த வெளியில் எரித்தோம். நாற்பது நிமிடம் போனதும் தீ சுருங்கியது. சிலிண்டரைத் தூக்கினால் கனம் இருக்கிறது, தீரவில்லை. தொட்டால் ஐஸ்போலக் குளிர்ச்சி, வெளியெல்லாம் வியர்த்திருக்கிறது. கேஸ் போடுகிற தம்பி வந்து விளக்கினார். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது, ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூன்று பெரிய அடுப்பு ஒன்றில் உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து, வாயு வருவது குறைந்துவிடும். அடுப்புக்கு ஒரு சிலிண்டர் என்று அவரே பொருத்திக் கொடுத்தார். 250 பேருக்கு இரண்டு அடுப்புதான் எரித்திருந்தோம், அதனால் இந்தக் குறை எங்களுக்குத் தெரிய வாய்ப்பே வந்ததில்லை. கல்யாணத்தன்று மண்டபத்துப் பின்கட்டில் இது நடந்திருந்தால், கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஊரெல்லாம் சிலிண்டர் தேடி ஓடியிருப்போம்.

ஆறாவது வாரம் ஹாஜி மாமுவிடம் போய், "செய்கிறோம்" என்றோம். அன்றுதான் முன்பணம் வாங்கினோம். கூடவே இரண்டு விஷயம் சொன்னோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய பண்டாரி, நாங்கள் "நானா" என்று அழைப்பவர், அன்றைக்கு முழுநாளும் எங்கள் பக்கத்தில் இருப்பார், அவர் கூலி எங்கள் லாபத்திலிருந்து போகும், மாமுவின் கணக்கில் வராது. நாங்கள் கற்றுக்கொள்வதற்கு அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? இரண்டாவது, பரிமாற வரும் ஆறு பேருக்கும் உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் முடிந்திருக்கும். சட்டம் கேட்கிறது. கடைசி வாரத்தில் நினைத்தால் நடக்காத காரியம், அதனால் அப்போதே அனுப்பினோம்.

நானாவிடமும் ஒளிக்கவில்லை. "எங்களுக்கு எது தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறோம்" என்று நோட்டைக் காட்டினோம். அவர் சிரித்தார். "எனக்கு இப்படி நோட்டு போட்டு யாரும் கேட்டதில்லை தம்பி. எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு, அடிபிடித்த பிறகுதான் போன் வரும்" என்றார். நோட்டில் அவர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார்: *அகப்பையை அளந்து வை.* அதன் பொருள் எங்களுக்கு அன்று சரியாக விளங்கவில்லை.

கல்யாண நாள். காலை 5 மணிக்கு ஆறு அடுப்பிலும் கறி, 8 மணிக்கு இறக்கினோம். அடுத்து மூன்று தேக்சா தாள்ச்சா. பத்தே காலுக்கு முதல் ஈட்டு நெய்ச்சோறு நான்கு அடுப்பில். மீதி இரண்டு அடுப்பு கறியைத் திரும்பக் கொதிக்கவிட. ஒருவர் கையில் தெர்மோமீட்டரும் நோட்டும், வேறு வேலை அவருக்கு இல்லை. அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொரு தேக்சாவின் நடுவிலும் குத்தி எழுதுவார், அடுத்த தேக்சாவில் குத்தும் முன் கம்பியைக் கழுவித் துடைப்பார். இந்த ஆளைச் சமையலுக்கு இழுக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இழுக்கத் தோன்றியது, மூன்று முறையாவது. இழுக்கவில்லை.

12 மணிக்குப் பந்தி தொடங்கியது. 150 தட்டு போனதும் நோட்டுக்காரர் ஓடி வந்தார். தாள்ச்சா கணக்கு இடிக்கிறது என்றார். ஆளுக்கு 120 மில்லி என்று வைத்து 72 லிட்டர் சமைத்திருந்தோம். 150 பேருக்கு 18 லிட்டர்தான் போயிருக்க வேண்டும். போனதோ 27. மேசைக்குப் போய்ப் பார்த்தால், பரிமாற வந்த ஒரு தம்பி, எங்கள் அகப்பை சிறிதாக இருக்கிறதே என்று மண்டபத்து அகப்பையை எடுத்திருக்கிறார். அது 180 மில்லி பிடிக்கிறது. நல்ல மனசு, வேறொன்றுமில்லை. அப்படியே போயிருந்தால் 400வது ஆளோடு தாள்ச்சா தீர்ந்திருக்கும்.

நானா தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நின்று கணக்குப் போட்டோம். மிச்சம் 45 லிட்டர். இன்னும் 450 பேர், 120 மில்லி வீதம் 54 வேண்டும். ஒன்பது லிட்டர் குறை. அகப்பையை மாற்றினோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகச் சமைக்காமல் எடுத்து வைத்திருந்தோம், அதில் மைசூர்ப் பருப்பும் இருந்தது. அது அரைமணிக்குள் வெந்துவிடும். கறி கொதித்து முடிந்த அடுப்பில் ஒரு பத்து லிட்டர் ஏற்றினோம். ஒருவர் போய் ஹாஜி மாமுவிடம், அவர் கேட்கும் முன்பே, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். விருந்தாளிகள் நடுவில் நின்றிருந்த அவர், "சரி, பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒரு மணியளவில் கூட்டம் ஒன்றாக வந்து வரிசை வாசலைத் தாண்டியது. முதல் ஈட்டுச் சோறு நாங்கள் நினைத்ததைவிடக் கால்மணி முன்பே தீர்ந்து, சிலரைப் பத்து நிமிடம் நிற்க வைத்தோம். அது வெட்கம். மூன்று மணிக்குப் பந்தி முடிந்தபோது எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

கடினமான நேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்றே முக்காலுக்கு மணப்பெண்ணின் மாமி ஒருவர், பஃபே மேசையில் மீந்திருந்த சோற்றையும் கறியையும் காட்டி, இருபது பொட்டலம் "புங்குஸ்" கட்டச் சொன்னார். ஈப்போவுக்குத் திரும்பும் சொந்தக்காரர்களுக்காம். மேசைத் தட்டில் குத்திப் பார்த்தோம். 48 டிகிரி. அடியிலிருந்த சுடுநீர் எப்போதோ ஆறிவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அது எங்கள் பிழை. பந்தி முடிந்ததும் நோட்டும் மூடி வைக்கப்பட்டிருந்தது. எப்போது 60க்குக் கீழே இறங்கியது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. "இதைத் தர மாட்டோம் மாமி" என்றோம். அவருக்குக் கோபம். "நல்ல சோற்றைக் கொட்டுவதா? எங்கள் வீட்டுப் பணம்" என்றார். சுற்றி நின்றவர்களும் அவர் பக்கம். கல்யாண வீட்டில், சமைக்க வந்தவர்கள் வீட்டாரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பின்கட்டில் இரண்டாம் ஈட்டுத் தேக்சா ஒன்று மூடி திறக்காமல் பாதியளவுக்கு மேல் இருந்தது. அதில் குத்தினால் 66. கறித் தேக்சாவையும் கொதிக்கவிட்டு, அவற்றிலிருந்து பன்னிரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லி ஒவ்வொன்றிலும் எழுதினோம். மேசையில் இருந்ததைக் கொட்டினோம். மாமி எங்களிடம் ஸலாம் சொல்லாமல் போனார்.

அன்றிரவே நோட்டில் மூன்று வரி எழுதினோம். பரிமாறும் அகப்பை எங்களுடையது மட்டும், மற்றதை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். முதல் ஈட்டில் நான்குக்குப் பதில் ஐந்து தேக்சா. மேசைத் தட்டுக்கும் தெர்மோமீட்டர், கடைசித் தட்டு எடுக்கும்வரை. மறுநாள் ஹாஜி மாமுவிடம் மீதிப் பணம் வாங்கப் போனபோது, 48 டிகிரி விஷயத்தையும் அந்த மேசைச் சூட்டைக் கவனிக்காதது எங்கள் தவறு என்பதையும் சொன்னோம். மூன்று மணிவரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக்கோளாறு ஏதும் வந்ததா என்று விசாரிக்கச் சொல்லி, இரண்டு நாள் கழித்து நாங்களும் போன் செய்து கேட்டோம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை. அது எங்கள் கவனத்தால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று எங்களுக்குள் இன்றும் பேச்சு ஓயவில்லை.

அந்த வருடம் 600 பேருக்கு இன்னும் இரண்டு விருந்து செய்தோம், நானா நாற்காலி இல்லாமல். பிறகு ஒருவர் வந்து, 1,500 பேர், பிரியாணி, மூன்று வாரம்தான் இருக்கிறது என்றார். நோட்டை எடுத்துப் புள்ளி வைக்கத் தொடங்கினோம். முதல் பக்கம் முடிவதற்குள் மூடிவிட்டு, அவருக்கு நானாவின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தோம். நானா எங்களைக் கூலிக்குக் கூப்பிட்டார். ஐம்பது கிலோ தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் அளவு பார்க்கும் வேலை. போயிருந்தோம்.